நமக்கு வேண்டாம்னா அது ஒயர்ல இல்லாம போயிடுமா? அதிர்வு சிக்னலும் சாம்பிளிங் ரேட்டும்

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் வெட்கத்தோட ஆரம்பிக்குது. என் டேபிள் மேல ஒரு பழைய பேரிங் இருக்கு. நல்லா கழுவி, துடைச்சு வச்சிருக்கேன். கையில எடுத்து சுத்தினா சத்தமே இல்லாம வழுக்கிட்டு ஓடும். உள்ளே பந்துகள் பளபளன்னு இருக்கும். இதை ஒரு மெஷின்லேருந்து கழட்டிப் போடச் சொன்னது நான்தான். "கேஜ் போயிடுச்சு, உடனே மாத்துங்க" என்று ஒரு கிராஃபைக் காட்டிச் சொன்னேன். கேஜ் என்றால் பேரிங்குக்குள்ள பந்துகளை இடைவெளி மாறாமல் பிடிச்சு வைக்கிற வளையம். அதுக்கு ஒண்ணுமே ஆகலை. தப்பு என் கோடுல இருந்த ஒரே ஒரு நம்பர்ல.

அந்த நம்பர் சாம்பிளிங் ரேட். அதை எப்படித் தேர்ந்தெடுக்கணும், ஏடிசிக்கு முன்னாடி எந்த மாதிரி ஃபில்டர் போடணும் என்பதைத்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

நடந்தது இதுதான்

என் காலேஜ் நண்பன் ஒருத்தன் அப்பார்ட்மென்ட்களுக்கு கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட் பராமரிப்பு பண்றான். அந்த பிளான்ட்ல முக்கியமான மெஷின் ப்ளோவர். தொட்டியில இருக்கிற பாக்டீரியாவுக்குக் காத்து ஊதுற மெஷின் அது. அது நின்னா சில மணி நேரத்துல நாத்தம் அடிக்க ஆரம்பிச்சு, அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப் பத்திக்கும். அதனால ப்ளோவர் எப்போ கெடும்னு முன்கூட்டியே சொல்ற ஒரு சின்ன பாக்ஸ் செய்யலாம்னு இறங்கினோம். ஹார்ட்வேர் பாதி அவன், சாஃப்ட்வேர் முழுக்க நான்.

மெஷின் விவரம் சொல்றேன், பின்னாடி கணக்குக்கு வேணும். ரோட்ஸ் டைப் ப்ளோவர், மோட்டாரோட நேரடியா கப்ளிங் போட்டது. மோட்டார் நிமிஷத்துக்கு 1478 சுத்து. 60-ஆல வகுத்தா செகண்டுக்கு 24.63 சுத்து, அதாவது 24.63 ஹெர்ட்ஸ். உள்ளே ரெண்டு ரோட்டர் ஒண்ணை ஒண்ணு இடிக்காம சுத்தணும் என்பதற்காக ஒரு ஜோடி டைமிங் கியர் இருக்கும். ரெண்டுலயும் ஒரே எண்ணிக்கையில பல்.

சென்சார் ADXL1002. அனலாக் அவுட்புட் கொடுக்கிற ஆக்சிலரோமீட்டர். 11 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும் அதிர்வை அளக்கும். அதோட ஒயர் நேரா மைக்ரோகன்ட்ரோலர்ல இருக்கிற 12 பிட் ஏடிசிக்குள்ள போகுது. நடுவுல ஒண்ணும் இல்லை.

சாம்பிளிங் ரேட் எவ்வளவு வைக்கலாம்? நான் இப்படி யோசிச்சேன். ஷாஃப்ட் 25 ஹெர்ட்ஸ். பேலன்ஸ் சரியில்லைன்னா 25-ல தெரியும். அலைன்மென்ட் சரியில்லைன்னா 50, 75-ல தெரியும். பேரிங் அடி வாங்கினா 100-லேருந்து 150 ஹெர்ட்ஸ் பக்கம் ஆரம்பிக்கும். தாராளமா 400 ஹெர்ட்ஸ் வரைக்கும் பார்த்தா போதும். நைக்விஸ்ட் என்ன சொல்லுது? ரெண்டு மடங்கு. 800. இன்னும் கொஞ்சம் சேர்த்து 1000 ஹெர்ட்ஸ் வச்சுக்கலாம். டேட்டாவும் கம்மி, வைஃபைக்கும் பாரம் இல்லை. செகண்டு இயர்ல படிச்ச பாடம் வேலைக்கு உதவுதேன்னு பெருமை வேற.

மூணு மாசம் ஓடுச்சு. ஸ்பெக்ட்ரத்துல 10 ஹெர்ட்ஸ்ல ஒரு பீக் நிமிர்ந்து நின்னுச்சு. கூடவே 20, 30-லயும் சின்னச் சின்னதா. ஷாஃப்ட் வேகத்துக்குக் கீழே ஒரு பீக் வந்தா, அது சும்மா விடுற விஷயம் இல்லை. 10-ஐ 24.63-ஆல வகுத்தா 0.406. பெரும்பாலான பேரிங்ல உள்வளையம் சுத்தும்போது கேஜ் சுத்துற வேகம் ஷாஃப்ட்டைப் போல சுமார் 0.4 மடங்கு. அடிப்படை பீக் ஒண்ணு, அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, எல்லாமே வரிசையா இருக்கு. புக்ல போட்ட படம் மாதிரியே இருந்துச்சு. நான் ரிப்போர்ட் எழுதிட்டேன்.

ரோட்ஸ் ப்ளோவர்ல பேரிங் மாத்துறது சின்ன வேலை இல்லை. டைமிங் கியரைக் கழட்டணும், திரும்பப் போடும்போது ரோட்டர் இடைவெளியை அளந்து செட் பண்ணணும். ரெண்டு நாள் ஆச்சு. அந்த ரெண்டு நாளும் ஸ்டாண்ட்பை ப்ளோவர் மட்டும்தான் ஓடுச்சு. அதுவும் நின்னா போச்சுன்னு ஆபரேட்டர் அண்ணன் ராத்திரி வீட்டுக்கே போகாம ப்ளோவர் ரூம்லயே படுத்தாரு. புது பேரிங் போட்டு மெஷினை ஆன் பண்ணோம். லேப்டாப்பைத் திறந்தேன். 10 ஹெர்ட்ஸ் பீக் அதே இடத்துல, அதே உயரத்துல.

அண்ணன் எட்டிப் பார்த்துட்டு கேட்டாரு: "தம்பி, இப்போ எதை மாத்தணும்?"

நைக்விஸ்ட் உண்மையில் சொல்வது

ஹாரி நைக்விஸ்ட் 1928-ல தந்தி சிக்னல்களைப் பத்தி எழுதின கட்டுரையிலேருந்து இந்தச் சிந்தனை வருது. க்ளாட் ஷானன் 1949-ல இதைத் தெளிவான தேற்றமா எழுதினாரு. சாம்பிளிங் ரேட், சிக்னல்ல *இருக்கிற* அதிகபட்ச அதிர்வெண்ணைப் போல ரெண்டு மடங்குக்கு மேல இருக்கணும். இருக்கிற. நான் அதை "எனக்கு *வேண்டிய* அதிகபட்ச அதிர்வெண்" என்று மாத்திப் படிச்சுட்டேன். இந்த ஒரு வார்த்தையிலதான் அந்த பேரிங் போச்சு.

ஏன் இது இவ்வளவு முக்கியம்? சினிமால கார் சேஸ் சீன் பார்த்திருப்பீங்க. சக்கரம் மெதுவா சுத்துற மாதிரியோ, பின்னாடி சுத்துற மாதிரியோ தெரியும். கேமரா செகண்டுக்கு 24 படம் எடுக்குது. சக்கரத்துல ஒரே ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்குன்னு வச்சுக்கோங்க. சக்கரம் செகண்டுக்கு 25 சுத்து சுத்துனா, ஒவ்வொரு படத்துக்கும் அந்த ஸ்டிக்கர் ஒரு முழு சுத்தும் அதுக்கு மேல ஒரு துளியும் நகர்ந்திருக்கும். முழு சுத்து கேமராவுக்குத் தெரியாது. அந்தத் துளி மட்டும்தான் தெரியும். பார்க்கிறவனுக்கு சக்கரம் செகண்டுக்கு ஒரே ஒரு சுத்துதான் சுத்துது.

ஏடிசியும் ஒரு கேமராதான். செகண்டுக்கு 1000 படம் எடுக்குது. ஒயர்ல 1010 ஹெர்ட்ஸ் வந்தா அது 10 ஹெர்ட்ஸாத்தான் பதிவாகும். 990 வந்தாலும் 10-ஆத்தான் பதிவாகும். விதி எளிமையானது: உண்மையான அதிர்வெண்ணுக்குப் பக்கத்துல சாம்பிளிங் ரேட்டோட எந்த மடங்கு இருக்கோ, அதுலேருந்து எவ்வளவு தூரமோ, அந்த இடத்துல பீக் வந்து உட்காரும். இதுக்குப் பேர் ஏலியாசிங். ஒரு ஆள் வேற பேர்ல நடமாடுற மாதிரி.

"சரி, ஏலியாஸ் ஆனதை சாஃப்ட்வேர்ல ஃபில்டர் பண்ணிடலாமே" என்று தோணும். எனக்கும் அதுதான் முதல்ல தோணுச்சு. இதை உங்க லேப்டாப்ல ஓட்டிப் பாருங்க:

```python
import numpy as np
n = np.arange(1000)
a = np.cos(2*np.pi*1010*n/1000)
b = np.cos(2*np.pi*10*n/1000)
print(np.allclose(a, b))   # True
```

ரெண்டு வரிசையும் ஒண்ணுதான். ஏறக்குறைய ஒரே மாதிரி என்று சொல்லலை, அதே நம்பர்கள்தான். சாம்பிள் எடுத்த பிறகு, இது 1010-லேருந்து வந்ததா 10-லேருந்து வந்ததா என்கிற தகவலே அந்த நம்பர்களுக்குள்ள கிடையாது. இல்லாத தகவலை எந்த அல்காரிதமும் பிரிச்சு எடுக்க முடியாது. அதனால தடுக்க வேண்டிய இடம் ஒண்ணே ஒண்ணுதான்: ஏடிசிக்கு முன்னாடி, ஒயர்ல.

போலி பீக்கைப் பிடிச்ச விதம்

இதெல்லாம் அன்னைக்கு எனக்குப் புரியலை. சந்தேகம் வந்தது வேற வழியில. கியரைக் கழட்டின மெக்கானிக் அண்ணன்கிட்ட பேச்சுவாக்குல பல் எத்தனைன்னு கேட்டேன். "41" என்றாரு. 24.63-ஐ 41-ஆல பெருக்கினேன். 1010.

கியர் பற்கள் ஒண்ணோட ஒண்ணு சேருற அதிர்வெண் அது. நல்ல கியர்லயும் அது இருக்கும், இயல்பான சத்தம்தான். அதோட ரெண்டு மடங்கு 2020, மூணு மடங்கு 3030. ஆயிரத்தோட மடங்குகள்லேருந்து அவற்றோட தூரம் 10, 20, 30. நான் கேஜ் குடும்பம்னு நினைச்ச மூணு பேரும் கியர் வீட்டு ஆளுங்க.

சந்தேகத்தை உறுதி பண்ண ரெண்டு சோதனை போட்டோம். ரெண்டுமே யார் வேணும்னாலும் செய்யலாம்.

முதல் சோதனை, சாம்பிளிங் ரேட்டை மாத்துறது. 1000-ஐ 1100 ஆக்கினேன். மெஷினுக்கு என் ரேட் பத்தி எதுவும் தெரியாது, அதனால உண்மையான பீக் இருந்த இடத்துலயே இருக்கணும். 24.6 ஹெர்ட்ஸ் பீக் அசையவே இல்லை. 10 ஹெர்ட்ஸ் பீக் காணாமப் போய் 90-ல முளைச்சுது. 1100-லேருந்து 1010-ஐக் கழிச்சா 90. அவ்வளவுதான், குட்டு உடைஞ்சது.

ரெண்டாவது சோதனை, மெஷின் வேகத்தைத் துளி மாத்துறது. அண்ணன் டெலிவரி வால்வைக் கொஞ்சம் திருகினாரு. ப்ளோவருக்கு லோடு ஏறுச்சு, மோட்டார் 1478-லேருந்து 1472-க்கு இறங்குச்சு. ஷாஃப்ட் பீக் வெறும் 0.1 ஹெர்ட்ஸ் நகரும். உண்மையான கேஜ் பீக்கா இருந்தா அதுவும் 0.04 ஹெர்ட்ஸ்தான் நகரணும், கண்ணுக்கே தெரியாது. ஆனா கியர் அதிர்வெண் 41 மடங்கு நகரும்: 1010-லேருந்து 1006-க்கு. ஸ்க்ரீன்ல 10 ஹெர்ட்ஸ் பீக் அப்படியே 6-க்குச் சரிஞ்சது. ஷாஃப்ட் வேகம் அரை சதவீதம்கூட மாறாதபோது ஒரு பீக் 40 சதவீதம் ஓடுதுன்னா, அது அங்கே குடியிருக்கிற பீக் இல்லை.

பழைய லாகைத் திரும்பப் பார்த்தா தடயம் முன்னாடியே இருந்துச்சு. கரன்ட் அதிர்வெண் நாள் முழுக்க 50 ஹெர்ட்ஸைச் சுத்தி லேசா ஆடும். அது 0.05 குறைஞ்சாலே மோட்டார் வேகம் ஒண்ணரை சுத்து குறையும், அந்தப் போலி பீக் ஒரு ஹெர்ட்ஸ் தள்ளிப் போகும். அது தினமும் அலைஞ்சுட்டுதான் இருந்துச்சு. "கேஜ் வழுக்குது போல" என்று நானே ஒரு விளக்கம் வேற எழுதி வச்சிருந்தேன்.

இப்போ சரியா தேர்ந்தெடுப்போம்

முதல் கேள்வி, எது வரைக்கும் பார்க்கணும். கியரையும் பார்க்கணும்னு முடிவு பண்ணோம். மூணாவது மடங்கு 3030. கியர்ல பழுது வந்தா அந்த பீக்குக்கு ரெண்டு பக்கமும் 25 ஹெர்ட்ஸ் இடைவெளியில சின்னச் சின்ன பீக் வரும், அதுக்கும் இடம் வேணும். அதனால 3200 ஹெர்ட்ஸ்.

ரெண்டாவது கேள்வி, நான் முன்னாடி கேட்கவே கேட்காத கேள்வி: ஒயர்ல வேற என்னென்ன வருது? சென்சார் 11 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும் நல்லா அளக்கும் என்றால், அதுக்கு மேல செவிடு என்று அர்த்தம் இல்லை. இந்த சென்சாருக்கு உள்ளேயே 21 கிலோ ஹெர்ட்ஸ்ல ஒரு ரெசொனன்ஸ் இருக்கு. பக்கத்துல ஏதாவது இடிச்சா அந்த அதிர்வெண்ல மணி மாதிரி அதுவே ஒலிக்கும். இன்னொண்ணு, நாம அளக்கிறது முடுக்கம். ஒரே அளவு இடப்பெயர்ச்சிக்கு அதிர்வெண் ரெண்டு மடங்கானா முடுக்கம் நாலு மடங்கு. அதனால முடுக்க சிக்னல்ல மேல் பகுதி எப்பவுமே காலியா இருக்காது, பெரும்பாலும் அங்கேதான் சத்தம் அதிகம்.

மூணாவது கேள்வி, எவ்வளவு அடக்கணும். வேண்டாத பகுதியில 1 ஜி அளவுக்கு வரலாம்னு வச்சுக்குவோம். நாம கண்டுபிடிக்க நினைக்கிற மிகச் சின்ன பீக் 0.005 ஜி. ஏலியாஸ் ஆகி வர்றது அதைவிடத் தெளிவா சின்னதா இருக்கணும். ஆயிரத்துல ஒரு பங்கா அடக்கினா 0.001 ஜி. ஆயிரத்துல ஒரு பங்கு என்றால் 60 டெசிபல். இதுதான் இலக்கு.

இப்போ சாம்பிளிங் ரேட். தொழில்முறை அதிர்வு அனலைசர்கள்ல ஒரு வழக்கம் உண்டு: பார்க்க வேண்டிய அதிர்வெண்ணைப் போல 2.56 மடங்கு. 3200-க்கு 8192. அழகான நம்பர். ஆனா அதுக்கு என்ன ஃபில்டர் வேணும்னு பாருங்க.

8192-ல சாம்பிள் எடுத்தா, 3200-க்குக் கீழே வந்து விழக்கூடிய முதல் அதிர்வெண் எது? 8192-லேருந்து 3200-ஐக் கழிங்க, 4992. அதாவது ஃபில்டர் 3200-ஐ அப்படியே விடணும், 4992-ஐ ஆயிரத்துல ஒரு பங்காக்கணும். ரெண்டுக்கும் இடையில ஒண்ணரை மடங்குதான் இடம். பட்டர்வொர்த் ஃபில்டருக்கு மனக்கணக்கு இது, n என்பது ஆர்டர், fc என்பது கட்-ஆஃப்:

```
A(dB) ≈ 20 · n · log10(f / fc)
```

கட்-ஆஃப் 3200-ல வச்சா ஒவ்வொரு ஆர்டருக்கும் 3.9 டெசிபல்கூடக் கிடைக்காது. 60 டெசிபலுக்கு 16 ஆர்டர். ரெண்டு ஆர்டருக்கு ஒரு ஆப்-ஆம்ப் என்றால் எட்டு ஆப்-ஆம்ப். எங்க பாக்ஸ்ல அதுக்கு இடமும் இல்லை, பட்ஜெட்டும் இல்லை. 2.56 என்கிற விதி தப்பு இல்லை. உள்ளே செங்குத்தான ஃபில்டர் ஏற்கனவே இருக்கிற கருவிகளுக்கான விதி அது. அந்த ஃபில்டர் இல்லாம விதியை மட்டும் கடன் வாங்கக் கூடாது.

"ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர் போட்டா போதுமே" என்று சிலர் சொல்வாங்க. என் பழைய செட்டப்ல 400 ஹெர்ட்ஸ் கட்-ஆஃப் வச்சு அப்படிப் போட்டிருந்தா, 1010 ஹெர்ட்ஸ் சுமார் 37 சதவீதமா குறைஞ்சிருக்கும். பீக் சின்னதாகியிருக்கும், ஆனா அங்கேயேதான் இருந்திருக்கும். அப்பவும் பேரிங்கைக் கழட்டியிருப்பேன், கொஞ்சம் லேட்டா.

வேகமா எடு, அப்புறம் குறை

வழி எதிர்ப்பக்கமா இருக்கு. சாம்பிளிங் ரேட்டை நல்லா ஏத்திட்டா ஃபில்டர் வேலை சுலபமாகிடும்.

51,200 ஹெர்ட்ஸ்ல எடுக்கிறோம்னு வச்சுக்கோங்க. இப்போ 3200-க்குக் கீழே வந்து விழக்கூடிய முதல் அதிர்வெண் 51,200-லேருந்து 3200 போக, 48,000. 25,600-க்கும் 48,000-க்கும் நடுவுல இருக்கிறதும் ஏலியாஸ் ஆகும்தான், ஆனா அது 3200-க்கு மேலதான் விழும். அந்தப் பகுதியை நாம எப்படியும் தூக்கிப் போடப்போறோம். அதனால அனலாக் ஃபில்டரோட பொறுப்பு 48 கிலோ ஹெர்ட்ஸ்லேருந்துதான் ஆரம்பிக்குது. முன்னாடி ஒண்ணரை மடங்கு இடம் இருந்துச்சு, இப்போ பதினஞ்சு மடங்கு.

கட்-ஆஃப் 5 கிலோ ஹெர்ட்ஸ், நாலாவது ஆர்டர் பட்டர்வொர்த். 48,000-ல கணக்குப்படி 78 டெசிபல். நமக்கு வேண்டிய 3200-ல இழப்பு ஒண்ணரை சதவீதத்துக்கும் கீழே. கட்-ஆஃபை 3200-லயே ஏன் வைக்கலைன்னா, கட்-ஆஃப்ல சிக்னல் 30 சதவீதம் குறைஞ்சிடும். மூணாவது கியர் பீக்கோட உயரம் பொய்யாகிடும். மூணாவது ஆர்டரே 59 டெசிபல் கொடுக்குமே, அது போதாதான்னு கேட்கலாம். காகிதத்துல கிட்டத்தட்ட சரிதான். ஆனா நிஜ சர்க்யூட் காகிதத்தைவிடக் கொஞ்சம் மோசமாத்தான் இருக்கும், அதனால கையில கொஞ்சம் மிச்சம் வேணும். மூணுக்கும் நாலுக்கும் நடுவுல இருக்கிறது ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெபாசிட்டரும்தான், ரெண்டு ஆப்-ஆம்ப் இருக்கிற ஒரே சிப்ல நாலாவது ஆர்டரே முடிஞ்சிடும்.

நிஜ சர்க்யூட் ஏன் மோசம்? நாங்க போட்டது சாலன்-கீ வகை. அதிர்வெண் ஏற ஏற ஆப்-ஆம்ப் கை தளர ஆரம்பிக்கும். அப்போ உள்ளே இருக்கிற கெபாசிட்டர் வழியா சிக்னல் நேரா அவுட்புட்டுக்குக் கசியும். அதனால மலிவான, மெதுவான ஆப்-ஆம்ப் எடுத்தா ஃபில்டர் ஒரு எல்லைக்கு மேல அடக்குறதை நிறுத்திடும். பல மெகா ஹெர்ட்ஸ் பேண்ட்வித் இருக்கிற ஆப்-ஆம்ப் எடுத்துக்கோங்க. ஏடிசி காலுக்கு முன்னாடி கடைசியா ஒரு ரெசிஸ்டர், கெபாசிட்டர் போட்டா அந்தக் கசிவையும் கொஞ்சம் பிடிக்கும்.

அடுத்தது, சாம்பிள் எடுத்த பிறகு. செகண்டுக்கு 51,200 நம்பர், ஒவ்வொண்ணும் ரெண்டு பைட். ஒரு செகண்டுக்கு நூறு கிலோபைட்டுக்கு மேல. இதை அப்படியே அனுப்ப வேண்டாம். மைக்ரோகன்ட்ரோலர்லயே ஒரு டிஜிட்டல் ஃபில்டர் ஓட்டி, பிறகு அஞ்சுக்கு ஒண்ணுன்னு எடுத்தா 10,240 ஆகிடும். இதுதான் டெசிமேஷன். இங்கே சாஃப்ட்வேர் ஆளுங்க, அதாவது நம்ம ஆளுங்க, ஒரு தப்பு பண்ணுவோம்: ஃபில்டர் இல்லாம `x[::5]` என்று எழுதிடுவோம். அது மறுபடியும் 10,240-ல நேரா சாம்பிள் எடுத்ததுக்குச் சமம். சென்சாரோட 21 கிலோ ஹெர்ட்ஸ் ரெசொனன்ஸ், 20,480-லேருந்து 520 தள்ளி இருக்கறதால, 520 ஹெர்ட்ஸ்ல புதுப் போலி பீக்கா வந்து உட்காரும். முதல்ல ஃபில்டர், அப்புறம் `[::5]`. அந்த டிஜிட்டல் ஃபில்டர் 3200-ஐ விட்டு, 10,240-லேருந்து 3200 போன 7040-லேருந்து அடக்கணும். டிஜிட்டல்ல இது ஒண்ணும் கஷ்டம் இல்லை.

ஃபில்டர் வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்?

இதுக்கு மெஷின் தேவையில்லை. சென்சாரைக் கழட்டிட்டு, அந்த இடத்துல ஒரு சிக்னல் ஜெனரேட்டர்லேருந்து 50 கிலோ ஹெர்ட்ஸ் சைன் வேவ் கொடுங்க. அது ஏலியாஸ் ஆனா எங்கே வரணும்? 51.2-லேருந்து 50 போக 1.2, அதாவது 1200 ஹெர்ட்ஸ். ஸ்பெக்ட்ரத்துல 1200-ஐ மட்டும் பாருங்க. நாங்க 1 வோல்ட் கொடுத்தோம், 1200-ல 0.3 மில்லிவோல்ட் வந்துச்சு. சுமார் 70 டெசிபல். காகிதத்துல 80-க்குப் பக்கத்துல வரணும், கிடைச்சது 70, இலக்கு 60. போதும். இந்தச் சோதனையைப் பண்ணாம ஃபில்டர் இருக்குன்னு நம்பாதீங்க. கெபாசிட்டர் மதிப்பு ஒண்ணு மாறிப்போனாலும் ஸ்பெக்ட்ரம் பார்க்க அழகாத்தான் இருக்கும்.

ஒரு எல்லையையும் சொல்லிடறேன். இந்த 3200, 5000, 51,200 எல்லாம் இந்த மெஷினுக்கு, இந்தக் கேள்விக்கு. பேரிங்ல ஆரம்பகட்டக் கீறலைக் கண்டுபிடிக்க என்வலப் முறைன்னு ஒண்ணு இருக்கு. அது பல கிலோ ஹெர்ட்ஸ்ல வர்ற சின்னச் சின்ன அதிர்வைத்தான் பயன்படுத்தும். எங்க ஃபில்டர் அதுல பெரும்பகுதியை வெட்டிடும். அது வேணும்னா கட்-ஆஃபை ஏத்தி, முதல் கேள்வியிலேருந்து கணக்கைத் திரும்பப் போடணும்.

புது போர்டை மாட்டின அன்னைக்கு ஸ்பெக்ட்ரம் பார்த்தோம். 10 ஹெர்ட்ஸ்ல ஒண்ணும் இல்லை. 1010-ல கியர், அதோட சொந்த வீட்டுல. ரெண்டு பக்கமும் துணை பீக் பேருக்குத்தான் இருந்துச்சு, கியரும் நல்லா இருக்கு. பழைய மூணு மாச லாகை நான் டெலீட் பண்ணிட்டேன். அதுல எது உண்மை, எது 500-ஐத் தாண்டி வந்து மடங்கினதுன்னு இனி யாராலயும் பிரிக்க முடியாது.

ஆபரேட்டர் அண்ணன் ஸ்க்ரீனைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு கேட்டாரு: "அப்போ அந்தப் பழைய பேரிங் நல்லாத்தான் இருந்துச்சா தம்பி?"

"ஆமாண்ணே."

அவர் ஒண்ணும் சொல்லலை. ரூமுக்குள்ள போய், துணியில சுத்தி வச்சிருந்த பேரிங்கை எடுத்துட்டு வந்து என் கையில கொடுத்துட்டாரு. அதுதான் இப்போ என் டேபிள் மேல இருக்கு.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.